யார் வரலாம், எதை எப்போது காட்டலாம்: கம்பெனி விற்பனையில் நிர்வாகச் சந்திப்பு

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கப் பேசும்போது, முதல் விலைப்பேச்சுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ட்யூ டிலிஜென்ஸ் என்னும் ஆய்வுக் கட்டம் வரும். கணக்கு, வரி, வழக்கு, நிலப் பத்திரம், தொழிலாளர் நிலுவை என்று எல்லாவற்றையும் வாங்குபவரின் ஆட்கள் புரட்டிப் பார்க்கும் காலம் அது. அந்தக் காலத்தில் ஒருநாள், விற்கும் கம்பெனியின் எம்.டி.யும் முக்கிய அதிகாரிகளும் வாங்க வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து மூன்று நான்கு மணி நேரம் தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே பேசுவார்கள். இதற்கு மேனேஜ்மென்ட் பிரசன்டேஷன் என்று பெயர். வாங்குபவர் காகிதத்தைத் தாண்டி ஆட்களைப் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஒரு நாளில்தான்.

இதை ஏற்பாடு செய்யும்போது மூன்று கேள்விகள் எழும். யார் யார் அறையில் இருப்பது, பேசியது வெளியே போகாமல் எப்படிப் பார்ப்பது, ஆவணங்கள் அடங்கிய டேட்டா ரூமை எந்த நாளில் திறந்துவிடுவது. நடைமுறையில் இவை மூன்று பேரிடம் தனித்தனியாகப் போய்விடுகின்றன. வருவோர் பட்டியலை எம்.டி.யின் செயலாளர் பார்க்கிறார், ரகசிய ஒப்பந்தத்தை வக்கீல் பார்க்கிறார், டேட்டா ரூமை இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் பார்க்கிறார். மூன்றும் ஒரே கேள்வி, ஒரே ஆள் ஒரே அட்டவணையில் முடிவு செய்யவேண்டியது என்பது என் கருத்து. டேட்டா ரூமில் யார் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அனுமதியை ஒரு நொடியில் ரத்தும் செய்யலாம். அறையில் வாய்விட்டுச் சொன்னதற்கு அப்படிப் பதிவும் கிடையாது, ரத்தும் கிடையாது. ஆகவே எதைப் பேசலாம் என்பதை, எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும், அவர் அதுவரை எதைப் படித்திருக்கிறார் என்பதும்தான் தீர்மானிக்கின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு குடும்பக் கம்பெனி, ஆண்டு விற்பனை 300 கோடி ரூபாய், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது. வாங்க முன்வந்தவர்களில் இருவர் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் அதே பம்ப் தொழிலில் இருக்கும் பட்டியலிட்ட வடநாட்டுக் கம்பெனி. மற்றவர் ஒரு தனியார் முதலீட்டு நிதி. இருவரும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள், கட்டுப்படுத்தாத முதல் விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் நாள் கணக்கு. டேட்டா ரூமைச் சந்திப்புக்கு முன்பே திறப்பதா, பின்பா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. விற்பவர் பக்கத்தில் பலருக்குப் பின்பு திறப்பதுதான் பிடிக்கும். முதலில் நம் கதையை நம் வாயால் கேட்கட்டும், பிறகு காகிதத்துக்குப் போகட்டும் என்பது அவர்கள் வாதம். வாங்குபவர் எல்லாவற்றையும் முதலிலேயே கேட்பார். இரண்டுமே சரிப்படாது. ஒன்றும் படிக்காமல் வருபவர், தகவல் குறிப்பேட்டிலேயே இருக்கும் விஷயங்களைக் கேட்டு அரை நாளைக் கரைத்துவிடுவார். எல்லாவற்றையும் படித்துவிட்டு வருபவர் மூன்றாம் ஆண்டு வாராக்கடன் குறிப்பில் தொங்கிக்கொண்டிருப்பார். தொழிலைப் பற்றிப் பேச்சே நடக்காது.

உருப்படியான வழி, அடுக்கடுக்காகத் திறப்பது. நம் பம்ப் கம்பெனியில் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களுக்குச் சொல்லிய இரண்டொரு நாளில் முதல் அடுக்கைத் திறக்கலாம். மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, மாதவாரி விற்பனைத் தொகுப்பு, கம்பெனி அமைப்பு ஆவணங்கள், நிலம் மற்றும் உரிமங்களின் பட்டியல், பெயர் மறைத்த வாடிக்கையாளர் பட்டியல், பெயர் மறைத்த சம்பளப் பட்டியல் ஆகியவை அதில் இருக்கும். அதன்பின் ஏழு முதல் பத்து நாள் படிக்க விடவேண்டும். சந்திப்புக்கு மூன்று நாள் முன்பு ஒவ்வொரு தரப்பும் தன் கேள்விகளை எழுத்தில் அனுப்பவேண்டும், பதினைந்து இருபதுக்கு மேல் வேண்டாம். சந்திப்பு முடிந்த மறுநாள் இரண்டாம் அடுக்கு: வங்கிக் கடன் ஒப்பந்தங்கள், வழக்குக் கோப்புகள், வரி மதிப்பீட்டு ஆணைகள், பெரிய சப்ளை ஒப்பந்தங்கள். மூன்றாம் அடுக்கு, அதாவது பெயருடன் கூடிய வாடிக்கையாளர் விலை, டீலர் தள்ளுபடி, மூலப்பொருள் கொள்முதல் விலை, கடைசிவரை பூட்டியே இருக்கும். அதை யாருக்குத் திறப்பது என்பது தனிக் கதை, பின்னால் வருகிறேன்.

இந்த இடைவெளிக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் அடுக்கு திறந்திருக்கும் அந்தப் பத்து நாளில் டேட்டா ரூம் பதிவேட்டைத் தினமும் பார்க்கவேண்டும். ஒரு தரப்பு சந்திப்புக்கு முந்தைய நாள்வரை உள்ளேயே நுழையவில்லை என்றால், அவர்கள் ஆழம் பார்க்க வருகிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு தரப்பு வரிக் கோப்பையோ நிலக் கோப்பையோ தொடாமல், வாடிக்கையாளர் கோப்புறையையே நான்கு பேர் மாறிமாறித் திறந்தால், வாங்கும் ஆசையைவிட வேவு பார்க்கும் ஆசை அதிகமோ என்று சந்தேகிக்கலாம். சந்திப்பில் எவ்வளவு மனம் திறப்பது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

இனி ஆட்கள். விற்பவர் பக்கத்தில் எம்.டி., நிதித் தலைவர், விற்பனைத் தலைவர், தொழிற்சாலை மேலாளர் ஆகிய நால்வர் போதும். இதில் சங்கடம், பின்னிரண்டு பேருக்குக் கம்பெனி விற்பனைக்கு வந்திருப்பதே அதுவரை தெரியாமல் இருக்கலாம் என்பதுதான். சந்திப்புக்கு முந்தைய வாரம் திடீரென்று அழைத்துச் சொன்னால், தன் வேலை என்னாகும் என்ற கவலையோடுதான் அவர் அறைக்குள் வருவார். எதிரில் இருப்பவர் நாளைய முதலாளியாக இருக்கலாம் என்றால் சிலர் அளவுக்கு மீறி நல்லபிள்ளை ஆகிவிடுவார்கள். பழைய நிர்வாகம் தடுத்த திட்டங்களையெல்லாம் அங்கே அவிழ்த்துவிடுவார்கள். ஆகவே அவர்களிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்லி, விற்பனை முடியும்வரை இருப்பதற்கான ஊக்கத்தொகையை எழுத்தில் கொடுத்து, இரண்டு முறையாவது ஒத்திகை பார்ப்பது வழக்கம். குடும்பக் கம்பெனிகளில் இன்னொன்று உண்டு. நிர்வாகத்தில் இல்லாத ஆனால் பங்கு வைத்திருக்கும் சித்தப்பாவோ மைத்துனரோ, நானும் ஒரு ஓரமாக உட்கார்கிறேன் என்பார். இதற்கு இடம் கொடுக்கக்கூடாது. அறையில் சம்பந்தமில்லாத ஒருவர் இருந்தால், இவர்களுக்குள் யார் முடிவெடுப்பவர் என்ற கேள்வியோடுதான் வாங்குபவர் திரும்பிப் போவார்.

வாங்குபவர் பக்கத்தில் தலைக்கணக்கை எட்டுக்குள் நிறுத்தி, இரு தரப்புக்கும் ஒரே எண்ணிக்கையை வைக்கவேண்டும். பெயர், பதவி, எந்த நிறுவனம் என்ற விவரத்துடன் பட்டியல் சந்திப்புக்கு மூன்று நாள் முன்பே வரவேண்டும். கடைசி நேரச் சேர்க்கை இல்லை. பட்டியல் வந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி கேட்பேன். இவர் ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் வருகிறாரா? முடிவெடுப்பதில் இவருக்குப் பங்கு உண்டா? இவருடைய அன்றாட வேலையில் நம் தகவல் பயன்படுமா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால் அவர் வரக்கூடாது. போட்டிக் கம்பெனியின் தென்மண்டல விற்பனை மேலாளர் மிக நல்லவராக இருக்கலாம். ஆனால் நாளைக் காலை ஈரோட்டில் டீலருக்குத் தள்ளுபடி நிர்ணயிக்கப் போகிறவர் அவர்தான். முதலீட்டு நிதியிடம் வேறு பம்ப் அல்லது மோட்டார் கம்பெனியில் பங்கு இருக்கிறதா, அந்தக் கம்பெனியின் போர்டில் இருப்பவரே இங்கும் வருகிறாரா என்றும் பார்க்கவேண்டும். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். கடன் தரப்போகும் வங்கியாளர்களை இந்தச் சுற்றில் தவிர்ப்பது நல்லது; அவர்களில் சிலர் இரு தரப்புக்கும் கடன் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அப்புறம் என்ன பயம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து ஒரு ஷரத்தை மட்டும் படித்துப் பாருங்கள். பல மாதிரிப் படிவங்களில், வாய்மொழியாகச் சொன்ன தகவல் ரகசியமாகக் கருதப்படவேண்டுமானால், இத்தனை நாளுக்குள் அதை எழுத்தில் உறுதி செய்யவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 30 நாள் என்று போட்டிருப்பார்கள். மேனேஜ்மென்ட் பிரசன்டேஷன் முழுக்க முழுக்க வாய்மொழி. அந்த வரியைக் கவனிக்காமல், யாரும் எழுதி அனுப்பாமல் ஒரு மாதம் போனால், அன்று எம்.டி. சொன்ன புதிய மோட்டார் திட்டம் ஒப்பந்தத்தின் பாதுகாப்புக்கு வெளியே போய்விடும். வரியை நீக்கச் சொல்லவேண்டும். முடியாவிட்டால் அன்று மாலையே பேசியவற்றின் சுருக்கத்தை வக்கீல் மூலம் அனுப்பவேண்டும்.

தகவலை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற ஷரத்தும் அதே அளவு கனமானது. அமெரிக்காவில் கருங்கல் ஜல்லித் தொழிலில் இருக்கும் மார்ட்டின் மரியெட்டாவும் வல்கன் மெட்டீரியல்ஸும் 2010-இல் இணைப்புப் பேச்சு நடத்தி, ரகசிய ஒப்பந்தம் போட்டுத் தகவல்களைப் பரிமாறிக்கொண்டன. பேச்சு முறிந்தது. 2011 டிசம்பரில் மார்ட்டின் மரியெட்டா, வல்கன் நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் நேரே பங்குதாரர்களிடம் போய் வாங்கும் அறிவிப்பைக் கொடுத்தது. சம்மதமில்லாமல் வாங்க முயலக்கூடாது என்ற நேரடித் தடை அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனாலும் 2012 மே மாதம் டெலவேர் நீதிமன்றம் அந்த முயற்சியை நான்கு மாதத்துக்கு நிறுத்தி வைத்தது. தகவல் கொடுக்கப்பட்டது இருவரும் உடன்பட்ட இணைப்பை ஆராய. அதை எதிர்ப்பை மீறி வாங்கும் முயற்சிக்குப் பயன்படுத்தியதும், அதன் ஆவணங்களில் வெளியிட்டதும் ஒப்பந்த மீறல் என்றது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. பயன்பாட்டு ஷரத்து சரியாக எழுதப்பட்டிருந்தால் பேச்சு முறிந்த பிறகும் அது கைகொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரியாது.

ரகசியம் பெரும்பாலும் கசிவது இவ்வளவு பெரிய வழியில் அல்ல. சந்திப்பைத் தொழிற்சாலையில் வைத்தால் வாசல் பதிவேட்டில் வடநாட்டுக் கம்பெனியின் பெயர் ஏறிவிடும். மதியச் சாப்பாட்டுக்குள் ஷாப் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிடும். ஓட்டலில் வைத்தால் வரவேற்பறைத் திரையில் எந்தக் கூட்டம் எந்த ஹாலில் என்று கம்பெனிப் பெயரோடு ஓடிக்கொண்டிருக்கும். அறை பதிவு வக்கீல் அலுவலகத்தின் பெயரிலோ புராஜெக்ட் பெயரிலோ இருக்கவேண்டும். காலெண்டர் அழைப்பின் தலைப்பிலும் அப்படியே. ஸ்லைடுகளை முன்கூட்டி மெயிலில் அனுப்பாமல், எண்ணிட்ட அச்சுப் பிரதியாகக் கொடுத்து முடிவில் எண்ணி வாங்கிக்கொள்ளலாம். வேண்டுமானால் பிறகு பெறுபவர் பெயர் பக்கத்தின் மேல் தெரியும்படி டேட்டா ரூமில் ஏற்றலாம். தொழிற்சாலையைப் பார்க்கும் நாளைத் தனியாக, ஞாயிற்றுக்கிழமையாக வைப்பவர்களும் உண்டு.

இப்போது அந்த மூன்றாம் அடுக்கு. வாங்குபவர் போட்டியாளர் என்றால், கையெழுத்தான பின்பும் பணம் கைமாறும் நாள்வரை இருவரும் சட்டத்தின் கண்ணில் போட்டியாளர்கள்தான். விலை விவரத்தைப் பகிர்வது, விற்பனை முறிந்தால் வியாபாரச் சேதம். விற்பனை நடந்தாலும் போட்டிச் சட்டச் சிக்கல். போர்ச்சுகல் டெலிகாம் தொழிலை வாங்க 2014 டிசம்பரில் ஒப்பந்தம் செய்த ஆல்டிஸ் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 2018-இல் 12 கோடியே 45 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அனுமதி வருமுன்பே வாங்கப்படும் கம்பெனியின் நிர்வாகத்தில் தலையிட்டது முக்கியக் குற்றச்சாட்டு. எந்த ரகசிய ஏற்பாட்டுக்கும் உட்படாமல் விரிவான வியாபாரத் தகவல்களைப் பெற்றதும் அதில் ஒன்று. நீதிமன்றத்தில் அபராதம் கொஞ்சம் குறைந்தது, தீர்ப்பு மாறவில்லை. மறுபக்கம் பார்த்தால், அமெரிக்காவில் யுனைடெட் ஹெல்த், பசிஃபிகேர் இணைப்புக் காலத்தில் விலைத் தகவல் பகிர்ந்து கூட்டுச் சேர்ந்தார்கள் என்று ஆம்னிகேர் என்ற மருந்து வினியோக நிறுவனம் தொடுத்த வழக்கு 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது. பகிரப்பட்ட விலைகள் பொதுவான, சராசரி அளவில் இருந்தன, வக்கீல்கள் வடிகட்டியே கொடுத்திருந்தார்கள் என்பது நிறுவனங்களுக்குச் சாதகமானது. இணைப்பை ஆராயவும் கொஞ்சம் தகவல் வேண்டுமே என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டு வழக்குக்கும் நடுவில்தான் கிளீன் டீம் என்ற ஏற்பாடு நிற்கிறது. போட்டியாளரின் விற்பனை, விலை நிர்ணயம், கொள்முதல் வேலைகளில் இல்லாத சிலர், பெரும்பாலும் வெளி ஆலோசகர்களும் வக்கீல்களும், மூன்றாம் அடுக்கைப் பார்ப்பார்கள். தங்கள் கம்பெனிக்கு அவர்கள் தொகுப்பாகத்தான் சொல்வார்கள்: முதல் பத்து வாடிக்கையாளரின் சராசரி லாப விகிதம் இன்னது, ஒப்பந்தம் புதுப்பிக்காவிட்டால் பாதிப்பு இன்னது என்று. அந்த அறிக்கையும் வக்கீல் பார்த்த பிறகே போகும். நம் உதாரணத்தில், சந்திப்பு நாளன்று போட்டிக் கம்பெனியின் தலைவர், உங்கள் பெரிய டீலருக்கு என்ன தள்ளுபடி தருகிறீர்கள் என்று கேட்டால், எம்.டி. பதில் சொல்லக்கூடாது, அது கிளீன் டீமுக்கு வரும் என்று அறையில் இருக்கும் வக்கீல் சொல்லவேண்டும். முதலீட்டு நிதிக்கு இந்தத் தடை தேவைப்படாமல் போகலாம். அதனால் இரண்டு தரப்புக்கும் ஸ்லைடுகள் ஒன்றாக இருந்தாலும் பதில்கள் ஒன்றாக இருக்காது. பிரிட்டனில் பட்டியலிட்ட கம்பெனி விற்கப்படும்போது நிலைமை வேறு. ஒரு தரப்புக்குக் கொடுத்த தகவலை, கேட்டால், நமக்குப் பிடிக்காத இன்னொரு உண்மையான தரப்புக்கும் கொடுக்கவேண்டும் என்கிறது அங்குள்ள டேக்கோவர் விதி.

இந்தியாவில் பட்டியலிட்ட கம்பெனி சம்பந்தப்பட்டால் செபியின் 2015-ஆம் ஆண்டு உள்பேர வணிகத் தடை விதிகள் வந்து நிற்கும். விலையைப் பாதிக்கும் வெளிவராத தகவலை யாரிடம் யார் பகிர்ந்தார் என்பதை, பெயர், பான் எண்ணோடு, நேரமுத்திரையுள்ள மின்தரவுத் தளத்தில் கம்பெனியே உள்ளுக்குள் பராமரிக்கவேண்டும், வெளியாரிடம் ஒப்படைக்கக்கூடாது. விற்கும் கம்பெனி பட்டியலிட்டதாக இருந்தால், தகவலைப் பகிர்வது கம்பெனியின் நலனுக்கு உகந்தது என்று போர்டே யோசித்து முடிவெடுக்கவேண்டிய நிலையும், பெறுபவர்களிடம் ரகசிய ஒப்பந்தம் வாங்கவேண்டிய கடமையும் உண்டு. நம் பம்ப் கம்பெனி பட்டியலிடாதது, நமக்கென்ன என்று கோவைக்காரர் நினைக்கலாம். ஆனால் வாங்க வந்தவர் பட்டியலிட்டவர். 300 கோடி விற்பனையுள்ள ஒரு கம்பெனியை வாங்குவது அவர் பங்கு விலையை அசைக்கும் அளவாக இருந்தால், அறையில் உட்கார்ந்த அவருடைய எட்டுப் பேர் மட்டுமல்ல, எதிரில் உட்கார்ந்த நம் நால்வரும் அவருடைய தரவுத் தளத்தில் ஏறவேண்டியவர்கள். நம் நிதித் தலைவர் அந்த வாரம் அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கினால் அது உள்பேர வணிகம். இதை ஒத்திகை நாளிலேயே சொல்லிவிடவேண்டும்.

சந்திப்பு நாளில் கெட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு, மற்றவை எல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஸ்லைடில் உள்ள எண்ணும் டேட்டா ரூமில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாமல் இருப்பது. ஸ்லைடு செய்தவர் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 42 கோடி என்று போட்டிருப்பார். குடும்பத்தாரின் சம்பளத்தையும் ஒருமுறைச் செலவையும் திருப்பிக் கூட்டிய எண் அது. டேட்டா ரூமில் உள்ள கணக்கு 37 கோடி காட்டும். இரண்டும் சரிதான், ஆனால் இடையில் உள்ள ஐந்து கோடிக்கு விளக்கத் தாள் எங்கும் இல்லை. பத்து நாள் படித்துவிட்டு வந்தவர் முதல் கேள்வியாக இதைக் கேட்பார். எம்.டி. நிதித் தலைவரைப் பார்ப்பார், அவர் பேங்கரைப் பார்ப்பார். அதன்பிறகு அன்று சொல்லும் எந்த எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள். இதற்குப் பரிகாரம் எளிது. முதல் அடுக்கு திறக்கும் நாளில் எண்களை உறையவைத்துவிடவேண்டும். ஸ்லைடின் ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் அது டேட்டா ரூமின் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கோப்பு எண் போடவேண்டும். கூட்டிய ஐந்து கோடியின் விளக்கத் தாள் ஸ்லைடுக்கு முன்பே அங்கே ஏறியிருக்கவேண்டும்.

விற்பவர் தரப்பில் ஒருவர் பேசாமல் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். யார் என்ன கேட்டார், என்ன பதில் சொல்லப்பட்டது, எது பிறகு தருவதாகச் சொல்லப்பட்டது என்று. எதிர்கால விற்பனை பற்றி எம்.டி. உற்சாகத்தில் சொன்ன ஒரு வாக்கியம், இரண்டு ஆண்டு கழித்து இழப்பீட்டு வழக்கில் வந்து நிற்கும்போது இந்தக் குறிப்பேடுதான் சாட்சி. விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிய உறுதிமொழிகளைத் தவிர வேறெதையும் நம்பி வாங்கவில்லை என்ற ஷரத்தைப் போட்டால் பாதிப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் தெரிந்தே சொன்ன பொய்யை அந்த ஷரத்து எப்போதும் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது.

பேரம் முறிந்தால் அன்றே டேட்டா ரூம் அனுமதிகளை ரத்து செய்து, தகவலைத் திருப்பித் தந்ததாகவோ அழித்ததாகவோ எழுத்தில் சான்று கேட்கவேண்டும். சந்திப்புக்கு வந்தவர்களின் பெயர்கள் அப்படி அழியாது. செபி விதிப்படி அந்தத் தரவுத் தளத்தைக் குறைந்தது எட்டு ஆண்டு வைத்திருக்கவேண்டும்.